சம்பளம் ஒன்று, ஆஃபர் லெட்டர் இரண்டு: பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ், லீவை எப்படி எடைபோடுவது?

போன தீபாவளிக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா மகன் இரண்டு ஆஃபர் லெட்டரோடு வீட்டுக்கு வந்தான். ஒன்று கிண்டியில் இருக்கும் கம்பெனி, மற்றொன்று ஓ.எம்.ஆரில். இரண்டிலும் சி.டி.சி. 9,60,000 ரூபாய். "ஓ.எம்.ஆர்.ல கைக்கு அஞ்சாயிரம் அதிகமா வருது மாமா, அதையே எடுத்துக்கலாம்னு இருக்கேன்" என்றான். நான் இருபது வருஷமாகச் சென்னையில் பே ரோல் பார்ப்பவன். ஐயாயிரம் அதிகம் என்றால் அது எங்கிருந்தோ எடுத்துத்தான் வந்திருக்கும் என்று தெரியும். அன்று மதியம் இரண்டு கடிதத்தையும் பிரித்துப் போட்டுக் கணக்குப் பார்த்தோம். அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். இவை அந்த இரண்டு கடிதங்களின் எண்கள். உங்கள் கடிதத்தின் எண்களை அதே இடத்தில் போட்டுப் பாருங்கள்.

முதலில், சி.டி.சி.யை மாதக் கணக்காக உடையுங்கள்

சி.டி.சி. என்பது சம்பளம் அல்ல, உங்களுக்காகக் கம்பெனி ஓராண்டில் செலவிடும் மொத்தம். கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப்., என்றைக்கோ தரப்போகும் கிராஜுவிட்டி, சில இடங்களில் இன்சூரன்ஸ் பிரீமியம் எல்லாம் அதற்குள் அடங்கும். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் 'அனெக்சர்' என்று ஒரு அட்டவணை இருக்கும். அது இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை எந்தக் கணக்கும் போட முடியாது.

கிண்டி கம்பெனி மாதத்துக்கு 80,000 என்று காட்டியிருந்தது. அதில் பேசிக் 40,000. கம்பெனியின் பி.எஃப். பங்கு 4,800, கிராஜுவிட்டி 1,923. இவை இரண்டும் போக மாதச் சம்பளம் 73,277. அதிலிருந்து பையனின் பி.எஃப். பங்கு 4,800 போனால் கைக்கு 68,477 வரும்.

ஓ.எம்.ஆர். கம்பெனியும் அதே 80,000தான். ஆனால் பேசிக் 28,000. பி.எஃப். 1,800 மட்டும். கிராஜுவிட்டி 1,346, இன்சூரன்ஸ் பிரீமியம் 1,500. மாதச் சம்பளம் 75,354. பையனின் பங்கு 1,800 போனால் கைக்கு 73,554.

தொழில் வரியை விட்டுவிடுங்கள், இரண்டிலும் அது ஒன்றுதான். புதிய வரி முறையில் இந்தச் சம்பளத்துக்கு வருமான வரியும் வராது. அதனால் வித்தியாசம் 5,077 ரூபாய். அவன் சொன்ன ஐயாயிரம் இதுதான்.

பி.எஃப்.: ஐயாயிரம் எங்கே போயிருக்கிறது

சட்டப்படி பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதத்தை நீங்களும் அதே அளவு கம்பெனியும் கட்ட வேண்டும். ஆனால் 15,000 ரூபாய் ஊதியம் வரை மட்டும் கணக்கிட்டு, இருவரும் ஆளுக்கு 1,800 கட்டினாலும் சட்டத்தை நிறைவேற்றியதாகும். கிண்டி கம்பெனி முழு பேசிக்கிலும் கட்டுகிறது. ஓ.எம்.ஆர். கம்பெனி அந்த 1,800இல் நின்றுவிட்டது.

ஆக, கிண்டியில் மாதம் 9,600 ரூபாய் பையன் பேரில் போகிறது, ஓ.எம்.ஆரில் 3,600. வித்தியாசம் 6,000. கம்பெனி பங்கிலிருந்து 1,250 ரூபாய் வரை ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும், அதனால் பாஸ்புக்கில் தெரியும் தொகை இதைவிடக் குறைவாக இருக்கும். அவன் போல ஏற்கெனவே ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவருக்கு இரண்டு கம்பெனியிலும் 1,250தான் பிடிப்பார்கள் என்பதால் ஆறாயிரம் வித்தியாசம் அப்படியே நிற்கும்.

கைக்கு வருவதையும் பி.எஃப்.புக்குப் போவதையும் கூட்டிப் பாருங்கள். கிண்டியில் 78,077, ஓ.எம்.ஆரில் 77,154. ஐயாயிரம் அதிகம் என்று வந்தவனுக்கு உண்மையில் மாதம் 923 ரூபாய் குறைகிறது. ஆண்டுக்கு 11,076.

2024-25ஆம் ஆண்டுக்கு பி.எஃப். வட்டி 8.25 சதவீதம். மாதம் 6,000 கூடுதலாகப் போனால், அந்த வட்டியிலேயே ஐந்து ஆண்டில் ஏறத்தாழ 4.4 லட்சம் சேரும். கையில் வரும் 5,077ஐ ஒரு மாதம் தவறாமல், அதே வட்டி தரும் இடத்தில் போட்டாலும் 3.7 லட்சம்தான். தவறாமல் போடுவது எத்தனை பேர் என்பது வேறு கதை. கைக்கு வந்த ஐயாயிரம் பைக் இ.எம்.ஐ.யாக மாறுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இதற்கு மருந்து உண்டு. 1,800 மட்டும் கட்டும் கம்பெனியிலும், பே ரோலில் இடம் கொடுத்தால், உங்கள் பங்கை மட்டும் கூட்டிக்கொள்ளலாம். வி.பி.எஃப். என்பார்கள். அதற்கும் அதே வட்டிதான். உங்கள் பங்கு ஆண்டுக்கு 2.5 லட்சத்தைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கான வட்டிக்கு வரி உண்டு, இந்தச் சம்பளத்தில் அந்தக் கவலை இல்லை. அதனால், "வி.பி.எஃப். எடுக்க அனுமதி உண்டா?" என்பது எச்.ஆரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. உண்டு என்றால் பி.எஃப். வித்தியாசத்தின் பெரும்பகுதியை நாமே சரிசெய்துகொள்ள முடியும்.

இங்கே தடுக்கி விழும் இடம் ஒன்று: பழைய பி.எஃப்.பை எடுத்துச் செலவழித்துவிடுவது. தொடர்ச்சியாக ஐந்து ஆண்டு முடியும் முன் எடுத்தால் வரி வரலாம். ஒரே யு.ஏ.என். எண்ணில் புதிய கம்பெனிக்கு மாற்றிவிட்டால் பழைய ஆண்டுகளும் கணக்கில் சேரும். பழைய கம்பெனி வேலையை விட்ட தேதியைப் பதிவு செய்யாமல் விட்டால் மாற்றமே இழுத்துக்கொண்டு போகும். அதைப் போட்டாயிற்றா என்று கடைசி நாளிலேயே கேட்டுவிடுங்கள். சேர்ந்த பிறகு, ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் கம்பெனி பணத்தைக் கட்ட வேண்டும். முதல் மூன்று மாதம் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து பாஸ்புக்கில் இல்லை என்றால் அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் கேளுங்கள்.

கிராஜுவிட்டி: தங்காதவருக்குச் சுழியம்

கணக்கு எளிது. கடைசியாக வாங்கிய பேசிக்கை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, வேலை செய்த ஆண்டுகளால் பெருக்கவும். அந்தக் கணக்கில் மாதத்துக்கு பேசிக்கின் 4.81 சதவீதம் வரும். அனெக்சரில் அந்தச் சதவீதம் தென்பட்டால் அது கிராஜுவிட்டிதான்.

நிரந்தர ஊழியருக்கு ஐந்து ஆண்டு முடிந்தால்தான் அது கைக்கு வரும். இறப்பிலும் உடல் செயலிழப்பிலும் ஐந்தாண்டு விதி கிடையாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின்படி, குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டே போதும். உங்கள் கடிதத்தில் ஒப்பந்த முடிவுத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள்.

அதனால் இந்த வரியை எடைபோடும்போது நான் முதலில் கேட்பது, "இங்கே அஞ்சு வருஷம் இருப்பியா?" என்பதுதான். பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மூணு வருஷம் மாமா" என்றான். அப்படியானால் இரண்டு கடிதத்திலும் அந்த வரியை அடித்துவிடலாம். கிண்டியில் மாதம் 1,923, ஓ.எம்.ஆரில் 1,346, இரண்டும் அவனுக்கு வராத பணம். பேசிக் அதிகமுள்ள கம்பெனியில் இந்த வராத பணமும் அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

ஐந்து ஆண்டு இருக்கப்போகிறவருக்குக் கணக்கு வேறு. சம்பளம் இப்படியே நின்றாலும் கிண்டியில் 1,15,385 ரூபாய். ஓ.எம்.ஆர். கடிதத்தின் பேசிக்கை வைத்தால் 80,769. ஆனால் அந்தக் கடிதம் பழைய அச்சில் எடுத்தது. புதிய சட்டத்தொகுப்பு, படிகள் எல்லாம் சேர்ந்து மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியையும் ஊதியமாகவே சேர்த்துக் கணக்கிடச் சொல்கிறது. 28,000 பேசிக் பாதிக்குக் கீழே இருப்பதால், கிராஜுவிட்டி அதைவிடப் பெரிய தொகையில்தான் கணக்காக வேண்டும். சரியாகக் கணக்கிட்டால் ஓ.எம்.ஆரிலும் ஒரு லட்சத்தைத் தாண்டும். "கிராஜுவிட்டியை எந்த ஊதியத்தில் கணக்கிடுவீர்கள்?" என்று மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். பி.எஃப்.பில் 15,000 உச்சவரம்பு நிற்பதால், அந்த 1,800 இதனால் மாறாது.

இரண்டு கடிதத்திலும் இல்லாத மூன்றாவது ஒரு கிராஜுவிட்டி உண்டு, அது இப்போதைய கம்பெனியில் இருப்பது. பையன் அங்கே சேர்ந்து நான்கு ஆண்டு ஏழு மாதம். பேசிக் 26,000. ஐந்து ஆண்டு ஆனால் 75,000 ரூபாய். இரண்டு மாத நோட்டீஸ் முடியும்போது நான்கு ஆண்டு ஒன்பது மாதம் ஆகிவிடும். ஐந்தாம் ஆண்டில் 240 நாள், வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் இடத்தில் 190 நாள், வேலை செய்திருந்தால் அதை முழு ஆண்டாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. சில கம்பெனிகள் அதை ஏற்றுக் கொடுத்துவிடும். சில கம்பெனிகள் "முழு ஐந்து வருஷம்" என்று பிடிவாதம் பிடிக்கும். ராஜினாமா கொடுத்த பிறகு இதைக் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். அதனால் முன்னாடியே, "எனக்கு கிராஜுவிட்டித் தகுதி எந்தத் தேதியில் வருகிறது?" என்று சாதாரணமாகக் கேட்டுவிடச் சொன்னேன். புதிய கம்பெனியில் சேரும் தேதியைச் சில வாரம் தள்ளிக் கேட்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

இன்சூரன்ஸ்: மெல்லப் படிக்க வேண்டிய இடம்

கிண்டி கம்பெனியில் பையன், மனைவி, குழந்தை மூன்று பேருக்கும் சேர்த்து 3 லட்சம். பெற்றோரைச் சேர்க்க ஆண்டுக்கு 34,000 ரூபாய் அவன் சம்பளத்திலிருந்து பிடிப்பார்கள், அதிலும் பெற்றோர் செலவில் 20 சதவீதம் நாமே கொடுக்க வேண்டும். ஓ.எம்.ஆரில் பெற்றோரும் உள்பட ஐந்து பேருக்கும் 5 லட்சம், பெற்றோருக்கு 10 சதவீதம் நம் பங்கு. மாதம் 1,500 என்று சி.டி.சி.யில் ஒளிந்திருந்தது இதற்கான பணம்தான்.

அத்தானுக்கு இரண்டு வருஷம் முன்பு ஸ்டென்ட் வைத்தார்கள். அக்காவுக்குச் சர்க்கரை. இப்போது வெளியில் அவர்களுக்குப் புதிதாக பாலிசி எடுத்தால், இருக்கும் நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வைக்க முடியும், பிரீமியமும் ஏறும், மறுக்கவும் கூடும். கம்பெனி குரூப் பாலிசியில் பெரும்பாலும் சேர்ந்த அன்றே பழைய நோயும் அடங்கிவிடும். இதைக் காசு கொடுத்து வெளியில் வாங்க முடியாது. பி.எஃப். குறைந்தால் வி.பி.எஃப். இருக்கிறது, ஆனால் அத்தானின் இதயத்துக்கு இன்று சேர்ந்து இன்றே அடங்கும் பாலிசி கடையில் கிடைக்காது. எனக்கு இந்த இரண்டு கடிதத்தையும் பிரித்தது இந்த ஒரு விஷயம்தான்.

தொகையை மட்டும் பார்க்காதீர்கள், ரூம் வாடகை வரம்பையும் பாருங்கள். என் மாமியாரின் அறுவை சிகிச்சையில் பட்டுத் தெரிந்துகொண்டேன். பாலிசி 3 லட்சம், ரூம் வாடகை நாளுக்கு அதில் ஒரு சதவீதம், அதாவது 3,000 வரை. நாங்கள் எடுத்தது 6,000 ரூபாய் அறை. மொத்த பில் 1,80,000. அறை வாடகை நான்கு நாளுக்கு 24,000, டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாம் 90,000, மருந்து, உள்ளே வைக்கும் பொருள், சோதனைகள் 66,000. 3 லட்சம் இருக்கிறதே, மிச்சம்கூட வரும் என்று நினைத்தோம்.

வரம்பைவிட இருமடங்கு வாடகை அறை எடுத்ததால், அறைக்கு மட்டுமல்ல, டாக்டர் வகையறாச் செலவிலும் பாதியைத்தான் கொடுத்தார்கள். அறையில் 12,000, டாக்டர் வகையில் 45,000, மருந்தும் சோதனையும் மட்டும் முழுதாக 66,000. மொத்தம் 1,23,000. அதிலிருந்து நாங்கள் கொடுக்க வேண்டிய பங்கு 20 சதவீதம், 24,600 போக, இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்தது 98,400. எங்கள் கையிலிருந்து 81,600. விகிதக் கழிவு என்பார்கள் இதை. மருந்து, உள்வைப்புப் பொருள், சோதனை ஆகியவற்றில் இப்படிக் கழிக்கக் கூடாது என்று விதி இருப்பதால் அந்த வரிகள் தப்பின.

எனவே எச்.ஆரிடம் பாலிசியின் பலன்கள் பக்கத்தைக் கேளுங்கள். அதில் ரூம் வரம்பு, நம் பங்கு, பெற்றோருக்குப் பழைய நோய் முதல் நாளிலிருந்தே அடங்குமா, மகப்பேறுக்கு எவ்வளவு என்று நான்கே விஷயத்தைத் தேடுங்கள். கிண்டியில் வரம்பு ஒரு சதவீதம், 3 லட்சத்துக்கு 3,000. ஓ.எம்.ஆரில் தனி அறை வரை வரம்பில்லை. இந்த ஒரு வரியே அந்த இரண்டு பாலிசியையும் வேறு ஊராக்கிவிடுகிறது.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: குரூப் பாலிசி கடைசி வேலை நாளோடு போய்விடும். வேலையை விட்டு அடுத்ததில் சேர்வதற்குள் ஒரு வாரம் இருந்தாலும் அந்த வாரத்தில் காப்பு கிடையாது. இளம் ஆட்கள் தங்களுக்கென்று ஒரு சிறிய தனி பாலிசி இப்போதே எடுத்து வைத்துக்கொண்டால், காத்திருப்புக் காலம் வேலை பார்க்கும்போதே கழிந்துவிடும். குரூப்பிலிருந்து அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனி பாலிசிக்கு மாறவும் வழி உண்டு, அதைக் கடைசி நாளுக்கு முன்பே கேட்க வேண்டும்.

லீவு: எண்ணிக்கையைவிட அதன் விதி

தமிழ்நாட்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 ஓராண்டு வேலைக்குப் பிறகு 12 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பும், அதோடு ஆண்டுக்கு 12 நாள் நோய் விடுப்பும் 12 நாள் தற்செயல் விடுப்பும் தரச் சொல்கிறது. உயர் நிர்வாகப் பதவிகள் இதில் வராது. உங்கள் கடிதம் இதற்கும் கீழே இருந்தால் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

இரண்டு கம்பெனியின் எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒன்றுதான். விதிதான் வேறு. கிண்டியில் ஈட்டிய விடுப்பு 18 நாள், மிஞ்சியதை அடுத்த ஆண்டுக்கு எடுத்துப் போகலாம், வேலையை விடும்போது பணமாக்கலாம். ஓ.எம்.ஆரில் டிசம்பர் 31 இரவோடு எல்லாம் காலி. பேசிக்கை 26ஆல் வகுத்தால் கிண்டியில் ஒரு நாள் லீவு 1,538 ரூபாய். ஆண்டுக்கு எட்டு நாள் மிச்சம் பிடிப்பவனுக்கு அது 12,300. லீவையெல்லாம் ஊருக்குப் போகவே எடுத்துத் தீர்ப்பவனுக்குச் சுழியம். பையன் இரண்டாவது ரகம்.

நோட்டீஸ் காலத்தில் லீவு உண்டா, சனி ஞாயிறுக்கு இரு பக்கமும் லீவு எடுத்தால் நடுவில் உள்ள நாளையும் கழிப்பார்களா, ப்ரொபேஷனில் என்ன என்று கேட்டால் போதும். அதிலும் நடுநாளைக் கழிக்கும் வழக்கம் இருக்கும் இடத்தில், எண்ணிக்கையில் 24 என்றிருப்பது கையில் 20 ஆகிவிடும்.

கடைசியில் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில்

கிராஜுவிட்டியை அடித்துவிட்டோம். கைக்கு வருவதும் பி.எஃப்.பும் சேர்த்து கிண்டி ஆண்டுக்கு 11,076 முந்துகிறது. பெற்றோர் பிரீமியம் 34,000 அங்கே நம் கையிலிருந்து போவதால், கிண்டி 22,924 பின்தங்குகிறது. லீவை மிச்சம் பிடிப்பவன் என்றால் 12,300ஐத் திரும்பக் கூட்டலாம், அப்போதும் ஓ.எம்.ஆர். பத்தாயிரத்துக்கு மேல் முந்தும். அதோடு ரூம் வரம்பு. பெற்றோர் நலமாக, தனி பாலிசியோடு இருக்கும் வீட்டில் இதே கடிதங்களுக்கு விடை நேர்மாறு, கிண்டியே என்பேன். ஐந்தாண்டு தங்குவேன் என்று உறுதியாக இருப்பவருக்கு கிராஜுவிட்டியிலும் கிண்டி கொஞ்சம் முந்தும்.

பையன் ஓ.எம்.ஆர். எச்.ஆருக்கு மூன்று கேள்விகளை மெயில் அனுப்பினான்: வி.பி.எஃப். உண்டா, கிராஜுவிட்டி எந்த ஊதியத்தில், பெற்றோரின் பழைய நோய் முதல் நாளிலிருந்தா. மறுநாளே பதில் வந்தது. வி.பி.எஃப். உண்டு. கிராஜுவிட்டி புதிய சட்டப்படி. பழைய நோய் முதல் நாளிலிருந்தே அடங்கும், ஆனால் சேர்ந்த 30 நாளுக்குள் பெற்றோர் பெயரைப் பதிவு செய்துவிட வேண்டும், தவறினால் அடுத்த புதுப்பித்தல் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் கடைசி வரியைப் படித்தவுடன், அக்காவுக்கும் அத்தானுக்கும் ஆதார் நகலைப் போட்டோ எடுத்து அனுப்பும்படி போன் செய்தான். சேரும் தேதிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.